ஒரு மூலம் கண்ணில் பட்டால்

x³ = 15x + 4 என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏதோ ஓர் எண்ணின் கனமும், அதே எண்ணின் பதினைந்து மடங்கோடு நான்கைக் கூட்டி வரும் தொகையும் சமம். அந்த எண் எது? ஒன்றைப் போட்டால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 19. இரண்டைப் போட்டால் 8, 34. மூன்றுக்கு 27, 49. நான்குக்கு இடப்பக்கம் 64. வலப்பக்கம் அறுபதும் நான்கும் சேர்ந்து 64. விடை கிடைத்துவிட்டது. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த எவருக்கும் இதற்கு ஒரு நிமிடம் போதும்.

பொலோஞாவைச் சேர்ந்த பொறியாளர் ரஃபேல் பொம்பெல்லி 1572இல் வெளியிட்ட இயற்கணித நூலில் இந்தச் சமன்பாடு வருகிறது. அன்றைய ஐரோப்பாவில் முப்படிச் சமன்பாடுகளுக்கென்று இருந்த மிகச் சிறந்த விதி இதில் தடுமாறி நின்றது. அதனால்தான் அவர் இதை எடுத்துக்கொண்டார். கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய விடையை விதியால் நேராகச் சொல்ல முடியவில்லை. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, முதலில் நான்கு என்ற அந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

x இன் உச்ச அடுக்கு மூன்றாக இருந்தால் அது முப்படிச் சமன்பாடு. இரண்டாக இருந்தால் இருபடிச் சமன்பாடு. சமன்பாட்டை நிறைவு செய்யும் எண்ணை மூலம் என்போம். இருபடிக்கு அதிகபட்சம் இரண்டு மூலங்கள், முப்படிக்கு மூன்று. இருபடியைத் தீர்க்கும் சூத்திரம் பத்தாம் வகுப்பு படித்த எல்லோருக்கும் தெரியும். முப்படிக்கும் ஒரு சூத்திரம் உண்டு என்றாலும் பள்ளியில் அதை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. சரியான முடிவுதான் அது. ஏன் என்பது பின்னால் தெரியும். அதற்குப் பதிலாகப் பள்ளியில் சொல்லித்தருவது இது: ஒரு மூலத்தை எப்படியாவது கண்டுபிடி, அதற்குரிய காரணியைப் பிரித்து எடு, மிஞ்சுவது இருபடி.

ஏன் இருபடி மிஞ்ச வேண்டும்? எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் நம் சமன்பாடு x³ − 15x − 4 = 0. நான்கு இதன் மூலம் என்பதால் 4³ − 15·4 − 4 என்பதன் மதிப்பும் பூச்சியம். பூச்சியத்தைக் கழிப்பதால் எதுவும் மாறாது. எனவே முதல் கோவையிலிருந்து இரண்டாவதைக் கழிக்கலாம். −4 இரண்டிலும் இருப்பதால் அது போய்விடும். எஞ்சுவது:

(x³ − 4³) − 15(x − 4)

இரண்டு கனங்களின் வேறுபாட்டில் (x − 4) ஒரு காரணியாக இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே: x³ − 64 = (x − 4)(x² + 4x + 16). அடுத்த உறுப்பிலும் (x − 4) கண்ணெதிரே நிற்கிறது. அதைப் பொதுவாக வெளியே எடுத்தால் உள்ளே x² + 4x + 16 − 15 இருக்கும். ஆக,

x³ − 15x − 4 = (x − 4)(x² + 4x + 1)

இவ்வளவுதான் வேலை. காரணித் தேற்றம் என்று பாடநூலில் படிப்பது இதைத்தான். நான்குக்குப் பதில் வேறெந்த மூலத்தை வைத்தாலும், பதினைந்துக்குப் பதில் வேறெந்தக் கெழு இருந்தாலும் இதே கழித்தல் இதே மாதிரி நடக்கும். இரண்டு எண்களின் பெருக்கற்பலன் பூச்சியமானால் அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்று x = 4; இல்லையென்றால் x² + 4x + 1 = 0. இரண்டாவதைத் தெரிந்த சூத்திரத்தில் போட்டால் x = −2 + √3, x = −2 − √3. தசமத்தில் ஏறத்தாழ −0.268, −3.732. முழு எண்களை மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டும் ஒருநாளும் அகப்பட்டிருக்காது. ஒரு மூலம் கண்ணில் பட்டதால் மற்ற இரண்டும் தாமாகவே வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு முறையும் இப்படி விரித்து எழுத வேண்டியதில்லை. கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதிச் செய்யும் சுருக்கமான வழி ஒன்று உண்டு. நம் பாடநூல்கள் அதைத் தொகுமுறை வகுத்தல் என்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய முறையைக் கையாண்ட பாவ்லோ ருஃபினியின் பெயரால் இத்தாலியில் அதை ருஃபினி விதி என்கிறார்கள். நம் சமன்பாட்டுக்கு அது இப்படி அமையும்:

```
4 |  1    0   -15   -4
  |       4    16    4
  ---------------------
     1    4     1    0
```

முதல் கெழுவான 1ஐ அப்படியே கீழே இறக்குகிறோம். அதை 4ஆல் பெருக்கி அடுத்த கெழுவின் கீழ் எழுதிக் கூட்டுகிறோம்: 0 + 4 = 4. அதை மறுபடி 4ஆல் பெருக்கினால் 16; −15 + 16 = 1. அதையும் 4ஆல் பெருக்கி −4உடன் கூட்டினால் 0. கீழ் வரிசையின் முதல் மூன்று எண்களும் மிஞ்சும் இருபடியின் கெழுக்கள்: 1, 4, 1. கடைசி எண் மீதி. அது பூச்சியமாக இருந்தால்தான் 4 ஒரு மூலம். வேறு எண் வந்திருந்தால் அந்த எண்ணே 4ஐ இட்டுப் பார்த்தால் கிடைக்கும் மதிப்பு. எனவே மூலமா என்று சோதிப்பதும் காரணியைப் பிரிப்பதும் ஒரே அட்டவணையில் முடிந்துவிடுகின்றன.

இந்த அட்டவணையில் தவறு நேர்கிற இடங்கள் அதிகமில்லை, ஆனால் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் நேர்கிறது. முதலாவது, இல்லாத உறுப்பு. நம் சமன்பாட்டில் x² கிடையாது. அதனால்தான் மேல் வரிசையில் 1க்குப் பிறகு 0 இருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு 1, −15, −4 என்று எழுதினால் நாம் வகுப்பது x² − 15x − 4 என்ற வேறொரு கோவையை. அதில் மீதி −48 வரும். நான்கு மூலமே இல்லை என்று நினைத்துவிடுவோம். இரண்டாவது, குறி. மூலம் −2 என்றால் காரணி (x + 2). அட்டவணையின் ஓரத்தில் எழுத வேண்டியது மூலமான −2. காரணியில் தெரியும் +2 அல்ல.

விடை சரிதானா என்று பார்க்க மறுபடி கனம் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். x³ இன் கெழு 1 ஆக இருந்து x² உறுப்பு இல்லாமல் இருந்தால் மூன்று மூலங்களின் கூடுதல் பூச்சியமாக இருக்க வேண்டும். 4 + (−2 + √3) + (−2 − √3) = 0. மூன்றின் பெருக்கற்பலன், x³ = 15x + 4 என்று எழுதும்போது வலப்பக்கம் நிற்கும் மாறிலியாக இருக்க வேண்டும். பின்னிரண்டின் பெருக்கற்பலன் 4 − 3 = 1; அதை 4ஆல் பெருக்கினால் 4. இரண்டும் பொருந்துகின்றன.

இனி அந்த விதிக்கு வருவோம். மிலான் நகரத்து மருத்துவர் ஜிரோலமோ கார்டானோ 1545இல் வெளியிட்ட ‘ஆர்ஸ் மாக்னா’ என்ற நூலில் அது அச்சேறியது. அதைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். பொலோஞாவின் சிபியோனே டெல் ஃபெர்ரோ முதலில் ஒரு வகைக்குக் கண்டுபிடித்து, வெளியே பரவவிடாமல் வைத்திருந்தார். நிக்கோலோ டார்டாக்லியா பிறகு தாமாகவே கண்டுபிடித்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டு 1539இல் கார்டானோவிடம் சொன்னார். கார்டானோ அதை நூலில் வெளியிட்டதும் இருவருக்கும் பெரும் பகை மூண்டது. அந்தச் சண்டையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நமக்குத் தேவை விதி மட்டும்.

x³ = px + q என்ற வடிவத்துக்கு விதி சொல்வது இது: q இல் பாதியை எடுத்து அதன் வர்க்கத்தைக் காண்க; அதிலிருந்து p இல் மூன்றில் ஒரு பங்கின் கனத்தைக் கழிக்க; வருவதன் வர்க்கமூலத்தை q இன் பாதியோடு ஒருமுறை கூட்டியும் ஒருமுறை கழித்தும், இரண்டின் கனமூலங்களையும் சேர்க்க. x³ = 6x + 9ஐ எடுத்துக்கொள்வோம். பாதி 4.5, அதன் வர்க்கம் 20.25. ஆறில் மூன்றில் ஒரு பங்கு 2, அதன் கனம் 8. கழித்தால் 12.25, வர்க்கமூலம் 3.5. கூட்டினால் 8, கழித்தால் 1. அவற்றின் கனமூலங்கள் 2, 1. விடை 3. இருபத்தேழு, பதினெட்டும் ஒன்பதும், சரி.

இதே விதியை x³ = 15x + 4இல் போடுங்கள். பாதி 2, வர்க்கம் 4. பதினைந்தில் மூன்றில் ஒரு பங்கு 5, கனம் 125. நான்கிலிருந்து 125ஐக் கழித்தால் −121. இதன் வர்க்கமூலத்தைக் கேட்கிறது விதி. எந்த மெய்யெண்ணை வர்க்கப்படுத்தினாலும் −121 வராது. விடையோ நான்கு, மிகச் சாதாரணமான எண். இந்த வகைச் சமன்பாடு கார்டானோவை விதி கைக்கு வந்த அதே ஆண்டிலேயே தொல்லைப்படுத்தியது. 1539 ஆகஸ்டில் டார்டாக்லியாவுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இந்த நிலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

விதி எப்போது தடுமாறும் என்பதை மிஞ்சும் இருபடியே காட்டிக்கொடுக்கிறது. x³ = 6x + 9இல் 3ஐப் பிரித்து எடுத்தால் மிஞ்சுவது x² + 3x + 3. அதன் தன்மைகாட்டி 9 − 12 = −3. மெய்யான மூலம் வேறு இல்லை. x³ = 15x + 4இல் மிஞ்சிய இருபடிக்குத் தன்மைகாட்டி 16 − 4 = 12. மூன்று மூலங்களும் மெய்யானவை. இது எப்போதும் இப்படித்தான். ஒரே ஒரு மெய்மூலம் இருக்கும்போது விதி ஒழுங்காக ஓடுகிறது. வெவ்வேறான மூன்று மூலங்களும் மெய்யாக இருக்கும்போதுதான் குறை எண்ணின் வர்க்கமூலத்தில் போய் நிற்கிறது. விடைகள் எல்லாமே நல்ல எண்களாக இருக்கும்போதுதான் விதி திணறுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் உண்மை.

பொம்பெல்லி அந்தக் குறை எண்ணின் வர்க்கமூலத்தை ஒதுக்கித் தள்ளவில்லை. அதையும் ஓர் எண்ணாக ஏற்றுக் கணக்குப் போட்டார். விதி கேட்பது 2 + √−121 இன் கனமூலத்தை. 2 + √−1ஐ மூன்று முறை பெருக்கினால் சரியாக 2 + √−121 வருகிறது என்று அவர் காட்டினார். இன்னொரு கனமூலம் 2 − √−1. இரண்டையும் கூட்டினால் √−1 அடிபட்டு 4 வருகிறது. கலப்பெண்களின் வரலாற்றில் இது முக்கியமான ஒரு பக்கம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2 + √−1 என்பது அவருக்கு எப்படிக் கிடைக்கும்? விடை 4 என்று முன்பே தெரிந்திருந்தால், இரண்டு கனமூலங்களின் பொதுப் பகுதி அதில் பாதியான 2 என்று ஊகிக்கலாம். தெரியாமல் தொடங்கினால்? கனமூலம் a + b√−1 என்று வைத்துக்கொண்டு aஐக் கண்டுபிடிக்கப் புறப்பட்டால், கடைசியில் 4a³ − 15a = 2 என்ற சமன்பாட்டில் வந்து நிற்போம். 2aஐ x என்று அழைத்தால் அது x³ − 15x = 4. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். விதியை எளிமையாக்கவே அந்த ஒரு மூலம் கையில் இருக்க வேண்டும். பள்ளியில் இந்தச் சூத்திரத்தைத் தவிர்த்து, மூலத்தைத் தேடிக் காரணி பிரிக்கச் சொல்வது சரியான முடிவு என்று நான் மேலே சொன்னது இதனால்தான்.

தேடுவது என்றால் மனம்போன போக்கில் எண்களைப் போட்டுப் பார்ப்பதல்ல. தேட வேண்டிய இடம் மிகச் சிறியது. x³ − 15x = 4 என்பதை x(x² − 15) = 4 என்று எழுதுங்கள். x ஒரு முழு எண் என்றால் அடைப்புக்குள் இருப்பதும் முழு எண். இரண்டின் பெருக்கற்பலன் 4. ஆகவே x நான்கை மீதியின்றி வகுக்க வேண்டும். 1, 2, 4, அவற்றின் குறை எண்கள். ஆறே ஆறு எண்கள்தாம். x மிகை எண் என்றால் அடைப்புக்குள்ளும் மிகையாக இருக்க வேண்டும். அதற்கு x இன் வர்க்கம் 15ஐத் தாண்ட வேண்டும். 1ம் 2ம் அங்கேயே விலகிவிடுகின்றன. எஞ்சுவது 4 மட்டும். தொடக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பார்த்தது தேவையே இல்லாத வேலை.

இப்போது விதி தடுமாறும் வகையில் இன்னொன்று: x³ = 9x + 10. பாதியின் வர்க்கம் 25, மூன்றில் ஒரு பங்கின் கனம் 27, கழித்தால் −2. விதி நின்றுவிட்டது. கண்ணால் பார்ப்போம். x(x² − 9) = 10. பத்தை வகுப்பவை 1, 2, 5, 10. மிகை எண் வேண்டுமென்றால் அது மூன்றைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். ஐந்தைப் போட்டால் 5 × 16 = 80. பத்தைப் போட்டால் இன்னும் மிக அதிகம். ஆக, மிகையான முழு எண் மூலம் இல்லை. குறை எண்ணுக்கு மூலமென்ற முழுத் தகுதியைத் தரத் தயங்கிய காலம் அது. கார்டானோவே அத்தகைய விடைகளைப் போலியானவை என்ற பொருள்படும் பெயரால்தான் குறித்தார். மிகை எண்களோடு தேடலை முடித்துக்கொள்பவருக்கு இங்கே வழி அடைபட்டுவிடும்.

நாம் அங்கே நிறுத்த வேண்டியதில்லை. −1ஐப் போட்டால் −1 × −8 = 8; இல்லை. −2ஐப் போட்டால் −2 × −5 = 10. அகப்பட்டது. தொகுமுறை வகுத்தலில் −2ஐ ஓரத்தில் எழுதி 1, 0, −9, −10 என்ற கெழுக்களை வகுத்தால் கீழே 1, −2, −5, 0 வரும். மிஞ்சும் இருபடி x² − 2x − 5 = 0. அதன் மூலங்கள் 1 + √6, 1 − √6. மிகையான மூலம் 1 + √6, ஏறத்தாழ 3.449. நாம் தேடியது இந்த எண்ணைத்தான் என்றாலும் அது நேரடியாகக் கண்ணில் படவே படாது. கண்ணில் பட்டது −2. நமக்குப் பயன்படாத விடைதான், ஆனால் பயன்படும் விடைக்கு வழி அதுதான். ஒரு கட்டுமானக் கணக்கிலோ கொள்ளளவுக் கணக்கிலோ குறை எண்ணுக்குப் பொருளில்லை என்பதற்காகச் சோதனையிலிருந்தே அதை விலக்கிவிடக் கூடாது. மூலங்களைக் கண்டுபிடித்த பிறகு விலக்குங்கள்.

இன்னொரு மூலத்தையும் பலர் தொலைக்கிறார்கள். x³ = 3x என்று வந்தால் இருபக்கமும் xஆல் வகுத்து x² = 3 என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் பூச்சியமும் அங்கே ஒரு மூலம். xஆல் வகுக்கும்போது அது பூச்சியமல்ல என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். xஐக் காரணியாக வெளியே எடுத்து x(x² − 3) = 0 என்று எழுதினால் மூன்றும் பத்திரமாக இருக்கும்: 0, √3, −√3.

எல்லா முப்படியும் இப்படி இணங்கிவருமா? வராது. x³ = 3x + 1ஐப் பாருங்கள். x(x² − 3) = 1. ஒன்றை வகுக்கும் முழு எண்கள் 1, −1 இரண்டும்தான். 1ஐப் போட்டால் −2. −1ஐப் போட்டால் 2. இரண்டும் இல்லை. பின்னம் ஏதாவது இருக்குமோ? சுருங்கிய வடிவில் பின்னம் m/n என்றால் அதன் கனத்தின் பகுதி n³. வலப்பக்கத்தில் 3m/n + 1 இன் பகுதி nஐத் தாண்டாது. n ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக முடியாது. x³ இன் கெழு 1 ஆகவும் மற்றவை முழு எண்களாகவும் இருந்தால் இதே காரணம் எப்போதும் பொருந்தும். பின்னங்களைத் தேடவே வேண்டாம். x³ இன் கெழு வேறு எண்ணாக இருந்தால் மட்டும், அந்தக் கெழுவை வகுக்கும் எண்களைப் பகுதியாகக் கொண்ட பின்னங்களையும் சோதிக்க வேண்டும்.

எனவே x³ = 3x + 1க்கு விகிதமுறு மூலம் கிடையாது. மூலமே இல்லை என்பதல்ல. மூன்று மெய்மூலங்கள் இருக்கின்றன. 1ஐப் போட்டால் இடப்பக்கம் சிறிது, 2ஐப் போட்டால் இடப்பக்கம் பெரிது. ஆகவே இடையில் ஒன்று உண்டு. கால்குலேட்டரை வைத்து நெருங்கினால் ஏறத்தாழ 1.88. இதையே மூலமாகக் கொண்டு வகுத்துப் பார்க்கலாம்: கீழ் வரிசையில் 1, 1.88, 0.5344 வந்து மீதி 0.0047 நிற்கும். மீதி பூச்சியமாகாததே 1.88 சரியான மூலமல்ல என்பதற்குச் சான்று. அது சிறியதாக இருப்பது நாம் நெருங்கி இருக்கிறோம் என்பதற்கு அடையாளம். மிஞ்சும் இருபடியின் மூலங்கள் −0.349, −1.531 என்று வருகின்றன. உண்மையான மதிப்புகள் −0.347, −1.532. மூன்றாம் தசம இடத்திலேயே பிழை தொடங்கிவிட்டது. முதல் மூலத்தில் விட்ட பிழை மற்ற இரண்டிலும் ஏறிக்கொள்கிறது. தோராய மூலத்தைக் கொண்டு இருபடியாக்கினால், வரும் விடைகளை மூலச் சமன்பாட்டிலேயே மறுபடி இட்டுத் திருத்த வேண்டும். சரியான மூலத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

x³ = 3x + 1ஐ நான் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எந்தக் கோணத்தையும் மூன்று சம பாகமாகப் பிரிக்க முடியுமா என்பது பழைய கிரேக்கர்கள் விட்டுச்சென்ற கேள்வி. பிரித்த பிறகு கிடைக்கும் கோணம் θ என்றால், cos 3θ = 4cos³θ − 3cosθ என்ற முக்கோணவியல் வாய்பாடு அதை ஒரு முப்படிச் சமன்பாடாக்குகிறது. 2cosθஐ x என்று அழைத்தால், 60 பாகைக் கோணத்தைப் பிரிக்கும் கேள்வி x³ = 3x + 1 ஆகிறது. அதன் மூலமான 1.879… என்பது 20 பாகையின் கோசைனைப் போல இரு மடங்கு.

90 பாகையை எடுத்தால் வருவது x³ = 3x. அதில் பூச்சியம் என்ற மூலம் கண்ணில் பட்டுவிடுகிறது; மிஞ்சுவது x² = 3; விடை √3. முப்பது பாகை கிடைத்துவிடுகிறது. நேர்கோடுகளும் வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைக் கண்டுபிடிப்பது என்றால் இருபடிச் சமன்பாடுகளைத் தீர்ப்பது என்றுதான் பொருள். ஆகவே அளவுகோலும் கவராயமும் கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்தையும் வரைந்துகாட்டலாம். அதற்கு மேல் முடியாது. முப்படி இருபடியாகக் குறைந்தால் அதன் மூலங்கள் அந்தக் கருவிகளின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. குறையாவிட்டால்?

பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வாண்ட்செல் 1837இல் அதற்கு விடை சொன்னார். விகிதமுறு கெழுக்களைக் கொண்ட ஒரு முப்படிக்கு விகிதமுறு மூலம் ஒன்றாவது இல்லையென்றால், அதன் எந்த மூலத்தையும் வர்க்கமூலங்களை அடுக்கிக்கொண்டே போய் அடைய முடியாது. அந்த நிறுவலின் முழு விவரம் இங்கே இடம்கொள்ளாது. ஆனால் அதை 60 பாகைக்குப் பொருத்த வேண்டிய வேலை நாம் ஏற்கெனவே செய்ததுதான்: x³ = 3x + 1இல் 1ஐயும் −1ஐயும் போட்டுப் பார்த்து, இரண்டும் இல்லை என்று கண்டோம். ஆகவே 20 பாகைக் கோணத்தை அளவுகோலாலும் கவராயத்தாலும் வரைய முடியாது.

ஒரு கனசதுரத்தின் கன அளவைச் சரியாக இரட்டிப்பாக்கும் பக்கத்தை வரைவது கிரேக்கர்களின் இன்னொரு கேள்வி. அதன் சமன்பாடு x³ = 2. இரண்டை வகுக்கும் முழு எண்கள் 1, 2, −1, −2. அவற்றின் கனங்கள் 1, 8, −1, −8. எதுவும் 2 இல்லை. வாண்ட்செலின் அதே கட்டுரை அதையும் முடித்துவைத்தது.